“உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ” – நேர்முகப் பரீட்சையின் முதல் இரண்டு நிமிடங்கள்

நேர்முகப் பரீட்சைக்குப் போய் அமர்ந்தவுடன் முதலில் கேட்கப்படுவது பெரும்பாலும் ஒரே விடயந்தான். “உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ” என்பார் குழுவின் தலைவர். தன்னைப் பற்றித் தெரியாதவர் யார்? அதனாலேயே இதற்கென்று எவரும் ஆயத்தம் செய்வதில்லை. மற்றக் கேள்விகளுக்கு அயலவரிடம் கேட்டும் புத்தகம் பார்த்தும் படித்துக்கொண்டு போகிறவர்கள், இதற்கு மட்டும் வாயில் வந்ததைச் சொல்கிறார்கள்.

வாயில் வருவதும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கிறது. பெயர், பிறந்த ஊர், படித்த பாடசாலை, சாதாரண தரத்தில் சித்தியடைந்த பாடங்கள், பின்னர் படித்த தையல் வகுப்பு, கணனி வகுப்பு, முதலுதவிப் பயிற்சி, திருமணம், பிள்ளைகள். இவை அனைத்தும் அவர் அனுப்பிய சுயவிபரக் கோவையில் இருக்கின்றன. அந்தக் கோவை குழுவினர் மூவரின் முன்னாலும் மேசையில் கிடக்கிறது. அவர் சொல்லச் சொல்ல அவர்கள் குனிந்து கடதாசியில் வரி வரியாகச் சரிபார்த்துக்கொண்டு போகிறார்கள். இரண்டு நிமிடமும் அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

இடம்பெயர்ந்த குடும்பங்களிலிருந்து போகிறவர்களுக்கு இதில் இன்னுமொரு பாதகம் உண்டு. கடதாசியை வரிசையாக ஒப்புவித்தால், அதிலுள்ள இடைவெளிகளையும் வரிசையாகக் காட்ட வேண்டி வரும். 2007 இல் படிப்பு நின்றது, 2008 இல் ஊரை விட்டு வெளிக்கிட்டது, 2009 இல் நலன்புரி நிலையம், பிறகு சில வருடங்கள் ஒன்றும் எழுதப்படாத வெறுமை. பட்டினத்தில் இருந்து தடையின்றிப் படித்த ஒருவரோடு இந்த வரிசையில் போட்டியிட்டால் நம்மவர் தோற்றுத்தான் போவார். ஆனால் அந்த வெறுமையான வருடங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. காணி திருத்தினார், நெல் காத்தார், பட்டியல் எழுதினார், கடன் வாங்கித் திருப்பிக் கட்டினார். அவற்றில் எது இந்த வேலைக்குப் பொருந்துகிறது என்பதைக் கடதாசி சொல்லாது. அவர்தான் சொல்ல வேண்டும். அதற்குக் கிடைக்கும் இடம் இந்த முதற் கேள்வி.

நாம் குழுவின் பக்கத்தில் அமர்ந்து கேட்டிருக்கிறோம். போகிறவர்களுக்கு முதல்நாள் பயிற்சி கொடுத்துமிருக்கிறோம். இரண்டு பக்கமும் கண்டதை வைத்தே இதனை எழுதுகிறோம். பொதுவாகச் சொன்னால் விளங்காது என்பதால் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை செய்து பார்ப்போம்.

வேலையை முதலில் அறிதல்

நெல் கொள்வனவு செய்யும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் களஞ்சியப் பொறுப்பாளர் வெற்றிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் “சாதாரண தரம் சித்தி, கணக்கு வைப்பில் அனுபவம் விரும்பத்தக்கது” என்று மட்டுமே இருக்கிறது. கிளிநொச்சிப் பக்கத்துச் சகோதரி ஒருவர் விண்ணப்பிக்கிறார். 2008 இல் இடம்பெயர்ந்து, 2009 இல் செட்டிகுளம் நலன்புரி நிலையத்தில் இருந்து, 2010 இல் மீளக் குடியமர்ந்தவர். வயல் உண்டு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளராக இருந்திருக்கிறார். தையலும் முதலுதவியும் பயின்றிருக்கிறார். சம்பளத்துக்கு ஓரிடத்திலும் வேலை செய்யவில்லை.

தன்னைப் பற்றி யோசிக்கத் தொடங்குமுன் அவர் அந்தக் களஞ்சியத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். நேர்முகத்துக்கு ஒரு கிழமை முன்னர் அவ்விடம் போய், வெளியில் நின்று பார்க்கலாம். முன்பு அங்கே மூடை சுமந்த ஒருவரிடமோ, நெல் கொடுத்த கமக்காரரிடமோ “அங்கே எந்த விடயத்தில் பிரச்சினை வருகிறது?” என்று கேட்கலாம். சம்பளம் எவ்வளவு என்பதல்ல இப்போது கேட்க வேண்டியது. களஞ்சியப் பொறுப்பாளருக்கு எந்த இடத்தில் தலையிடி என்று கேட்க வேண்டும்.

கேட்டால் ஏறக்குறைய இப்படித்தான் விடை வரும். அறுவடைக் காலத்தில் ஒரே நாளில் பல உழவு இயந்திரங்கள் வந்து வரிசையில் நிற்கும். எல்லோருக்கும் அவசரம். ஈரமான நெல்லைத் திருப்பி அனுப்பினால் சண்டை. வாங்கினால் பிறகு நிறை குறைந்து பொறுப்பாளர் தலையில் விழும். இரண்டாவது, உள்ளே வந்த மூடைக்கும் வெளியே போன மூடைக்கும் பதிவேட்டில் உள்ள கணக்கு ஒத்துவர வேண்டும். மூன்றாவது எலி, வண்டு, கூரை ஒழுக்கு.

இவற்றில் முதல் விடயத்தைச் சற்று விரித்துப் பார்ப்பது நல்லது. களஞ்சிய வேலையில் நம் கமக்காரருக்கு உள்ள பலம் இங்கேதான் இருக்கிறது. நெல் சந்தைப்படுத்தும் சபையின் கொள்வனவில் காய்ந்த நெல்லுக்கு அளவாகக் கொள்ளப்படும் ஈரப்பதன் நூற்றுக்கு 14. ஒருவர் 18 ஈரப்பதனுள்ள நெல்லில் 50 கிலோ மூடையொன்றைக் கொண்டு வருகிறார் என்று வையுங்கள். அதில் 9 கிலோ தண்ணீர், 41 கிலோதான் உண்மையான மணி. அது களஞ்சியத்தில் 14 இற்குக் காயும்போது மணி 41 கிலோவாகவே இருக்க, மூடையின் மொத்த நிறை ஏறக்குறைய 47.7 கிலோவாகிவிடும். ஒருவரும் களவெடுக்கவில்லை, ஆனால் மூடைக்கு 2.3 கிலோ குறைகிறது. நூறு மூடையென்றால் 230 கிலோ. இதனை விளக்கத் தெரியாத பொறுப்பாளர் களவுப் பெயர் எடுப்பார். பல்லில் ஒரு மணியைக் கடித்து, ‘டிக்’ என்று உடைகிறதா, நசிகிறதா என்று பார்த்தே காய்ச்சலை அறிந்த நம் கமக்காரருக்கு இந்த அறிவு ஏற்கெனவே இருக்கிறது. அது நேர்முகத்தில் சொல்லத்தக்க தகைமை என்பதைத்தான் அவர்கள் அறியாமல் இருக்கிறார்கள்.

வாழ்க்கையில் தேடுதல்

இப்போது அச்சகோதரி ஒரு கொப்பியை எடுத்து, இடப்பக்கத்தில் அந்த மூன்று தலையிடிகளையும் எழுதுகிறார். வலப்பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் எதிரே, தான் முன்னர் செய்த ஒரு காரியத்தை எழுத வேண்டும். “எனக்குப் பொறுப்புணர்ச்சி உண்டு”, “நான் நேர்மையானவள்” போன்றவை வலப்பக்கத்தில் வரக்கூடாது. அவை குணங்கள், காரியங்கள் அல்ல. வருகிற எல்லோரும் அவற்றைச் சொல்வார்கள், மறுத்துச் சொல்பவர் ஒருவரும் இல்லை. எனவே அவற்றைக் கேட்கும் குழுவுக்கு ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரிவதில்லை.

எங்கே, எப்போது, எவ்வளவு, நான் என்ன செய்தேன், அதனால் என்ன ஆயிற்று என்ற ஐந்துக்கும் விடையுள்ள ஒன்றே காரியம். இவர் தேடியதில் இரண்டு அகப்படுகின்றன. ஊர் மாதர் சங்கம் விதைநெல் சேமித்துத் திருப்பிக் கொடுக்கும் சிறு களஞ்சியம் ஒன்றை வைத்திருக்கிறது; எட்டு வருடங்களாக அதைப் பார்ப்பவர் இவர். மற்றது, நலன்புரி நிலையத்தில் 64 குடும்பங்களுக்கான உலர் உணவுப் பட்டியல் இவர் கையில் இருந்தது. விண்ணப்பப் படிவத்தில் இந்த இரண்டுக்கும் இடமே இருக்கவில்லை. சம்பளம் இல்லாததால் அவை ‘வேலை அனுபவம்’ என்று அவருக்கும் தோன்றவில்லை.

பொருளாளர் பதவி? அதை இரண்டு நிமிடத்துக்குள் கொண்டுவர வேண்டாம் என்பதே எம் அபிப்பிராயம். காசுக் கணக்கைப் பற்றிக் குழு தானே கேட்கும், அப்போது சொல்லிக்கொள்ளலாம். தையலும் முதலுதவியும் கடதாசியிலேயே இருக்கட்டும். பலருக்கு இப்படி விடுவது மனதுக்கு வலிக்கும். கஷ்டப்பட்டுப் பெற்ற சான்றிதழ் அல்லவா? ஆனால் ஏழு விடயம் சொன்னால் குழுவின் நினைவில் ஒன்றும் நிற்காது. இரண்டு சொன்னால் இரண்டும் நிற்கும்.

சொல்லும் விதம்

முதலில், ஆயத்தமின்றிப் போயிருந்தால் அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று பார்ப்போம். “நான் கிளிநொச்சி மாவட்டத்தில் பிறந்தேன். சாதாரண தரத்தில் ஆறு பாடம் சித்தி. உயர்தரம் படிக்கும்போது யுத்தம் காரணமாகத் தொடர முடியவில்லை. 2008 இல் இடம்பெயர்ந்து மிகவும் கஷ்டப்பட்டோம். பிறகு மீள்குடியேறி விவசாயம் செய்து வருகிறோம். தையல், முதலுதவி படித்திருக்கிறேன். மாதர் சங்கத்தில் பொருளாளராக இருந்தேன். எந்த வேலை தந்தாலும் செய்வேன்.”

இதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் களஞ்சியம் என்ற சொல்லே இதில் இல்லை. இதே பேச்சை நாளைக்குத் தையல் நிலைய வேலைக்கும், பாலர் பாடசாலை வேலைக்கும் கொண்டு போகலாம். எந்த வேலைக்கும் பொருந்துகிற பேச்சு இந்த வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றே குழு எடுத்துக்கொள்ளும். “எந்த வேலை தந்தாலும் செய்வேன்” என்பதை நம்மவர் பணிவு என்று நினைத்துச் சொல்கிறார்கள். இவர் எதற்கு வந்தார் என்பது இவருக்கே தெரியாது போலும் என்று கேட்பவர் நினைப்பார்.

ஆயத்தம் செய்த பின் அவர் சொல்லக்கூடியது இது:

“வணக்கம். நான் எட்டு வருடமாக எங்கள் ஊர் மாதர் சங்கத்தின் விதைநெல் களஞ்சியத்தைப் பார்த்து வருகிறேன். காலபோக அறுவடை முடிய ஏறக்குறைய 40 மூடை வரும். ஒவ்வொன்றையும் நானே நிறுத்து, யாருடையது, எந்த இனம், எந்தத் திகதி வந்தது என்று பதிந்து, அடுத்த விதைப்புக்குத் திருப்பிக் கொடுப்பேன். முதல் வருடம் நிறை குறைந்துவிட்டதாக இரண்டு பேர் முறையிட்டார்கள். அவர்களுடைய நெல் சரியாகக் காயாமல் வந்திருந்தது. அடுத்த வருடம் தொடக்கம் காயாத நெல்லைத் திருப்பி அனுப்பி, காய்ந்த பிறகே நிறுத்து எடுத்தேன். சிலர் கோபித்தார்கள். ஆனால் அந்த முறைப்பாடு பிறகு வரவில்லை.

அதற்கு முன்னர், 2009 இல் இடம்பெயர்ந்து செட்டிகுளத்தில் இருந்தபோது, எங்கள் பகுதியில் 64 குடும்பங்களுக்கான உலர் உணவுப் பட்டியலை வைத்திருந்தேன். ஒருமுறை அரிசி மூடைகள் நிறை குறைந்து வந்தன. பிரிப்பதற்கு முன்னரே எல்லாவற்றையும் நிறுத்து எழுதி, கொண்டு வந்தவரிடம் கையொப்பம் வாங்கினேன். அதனால் குறைவு எங்களிடத்தில் ஏற்பட்டதென்று ஒருவரும் சொல்ல முடியவில்லை.

உங்கள் களஞ்சியம் எங்களுடையதைவிடப் பல மடங்கு பெரியது. போன கிழமை வந்து வெளியில் நின்று பார்த்தேன். அறுவடை நேரத்தில் பல உழவு இயந்திரங்கள் ஒன்றாக வந்து நிற்கும்போது, ஈரம் பார்த்து, நிறுத்து, பற்றுச்சீட்டு எழுதும் இடந்தான் கடினம் என்று நினைக்கிறேன். அந்த வேலைக்குத்தான் விண்ணப்பித்தேன். ஈரப்பதன் மானியை நான் இன்னும் பாவிக்கவில்லை. அதைப் பழக வேண்டும்.”

இதனை நிதானமாகச் சொன்னால் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கைக்கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். இரண்டரை நிமிடத்தைத் தாண்டினால் எதையாவது வெட்ட வேண்டும். ஒரு நிமிடத்திலேயே முடிந்தால் ஒரு காரியத்தின் நடுப்பகுதி விடுபட்டிருக்கும்.

பெயரில் தொடங்காதது ஏன் என்று சிலர் கேட்கலாம். பெயரைக் கூப்பிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். படிப்பும் வரவில்லை; அது கடதாசியில் முதல் வரியில் இருக்கிறது. முதல் வசனத்திலேயே ‘களஞ்சியம்’ என்ற சொல் வந்துவிடுகிறது. குனிந்திருந்த தலைகள் நிமிர்வது அந்தச் சொல்லுக்குத்தான்.

இடப்பெயர்வு ஒரேயொரு இடத்தில், வசனத்தின் நடுவில், காலமும் இடமும் காட்டுவதற்காக வருகிறது. இதனைப் பற்றிப் பலரோடு நாம் விவாதித்திருக்கிறோம். பட்ட துன்பத்தைச் சொன்னால் இரக்கப்பட்டு வேலை தருவார்கள் என்று சிலரும், அதைச் சொல்லவே கூடாது, தாழ்வாக நினைப்பார்கள் என்று சிலரும் கருதுகிறார்கள். மறைத்தால் அந்த வருடங்கள் கடதாசியில் வெறுமையாகவே நிற்கும். குழு கேட்கும்போது தடுமாற வேண்டி வரும். நீளமாகச் சொன்னால் கேட்பவர்களுக்கு மனம் கலங்கும், அடுத்துக் களஞ்சியத்தைப் பற்றி எப்படிக் கேட்பது என்று சங்கடப்படுவார்கள். அந்தக் காலத்தில் செய்த ஒரு காரியத்தோடு சேர்த்துச் சொன்னால் இரண்டு சிக்கலும் வராது.

கடைசியில் வரும் ஈரப்பதன் மானிப் பேச்சும் தற்செயலானதல்ல. கருவி தெரியாததை அவர் மறைத்திருந்தால் மூன்றாவது கேள்வியில் அது வெளிப்பட்டிருக்கும். தானே சொன்னதால், அதற்கு முன் சொன்ன எல்லாவற்றையும் குழு நம்புகிறது. ஆனால் இப்படிச் சொல்வது ஒன்றோடு நிற்க வேண்டும். சில நாட்களில் பழகக்கூடியதாகவும் இருக்க வேண்டும். “கணக்கு எனக்குச் சரிவராது” என்று களஞ்சிய வேலைக்குப் போய்ச் சொல்ல முடியாது.

‘நாங்கள்’ என்ற சொல்

நம் கமக்காரரிடம் உள்ள ஒரு நல்ல பழக்கம் இந்த இடத்தில் இடைஞ்சலாகிறது. வயலில் எதுவும் தனித்து நடப்பதில்லை. “விதைச்சோம், வெட்டினோம், கட்டினோம்” என்றே பேசிப் பழகிவிட்டோம். நான் செய்தேன் என்பது பெருமை பேசுவதாகத் தோன்றும், பெண்களுக்கு அது இன்னும் கூச்சமாக இருக்கும். ஆனால் “நாங்கள் 64 குடும்பத்துக்குப் பட்டியல் வைத்திருந்தோம்” என்று கேட்கும் குழுவுக்கு, எழுதியவர் இவரா, பக்கத்தில் நின்றவரா என்று தெரியாது. நாமும் இக்கட்டுரை முழுவதும் ‘நாம்’ என்றே எழுதுகிறோம். சஞ்சிகைக்கு அது சரி, நேர்முகப் பரீட்சைக்குச் சரிவராது. சங்கம் செய்ததைச் சங்கம் செய்தது என்றும், அதில் தன் பங்கைத் ‘நான்’ என்றும் பிரித்துச் சொன்னால் அதில் பெருமையும் இல்லை, பொய்யும் இல்லை. மேலேயுள்ள பேச்சில் களஞ்சியம் சங்கத்தினுடையது. நிறுத்ததும் பதிந்ததும் இவர்.

இதே பிரிப்பு இன்னொரு ஆபத்திலிருந்தும் காக்கும். பிறர் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்பவர் அடுத்த கேள்வியில் அகப்படுவார். அனுபவமுள்ள குழு எப்போதும் ஒரு படி உள்ளே போய்க் கேட்கும். “திருப்பி அனுப்பியபோது அவர் என்ன சொன்னார்?”, “பதிவு எப்படி எழுதினீர்கள், ஒரு வரி சொல்லுங்கோ பார்ப்பம்”, “மூடைகளை எப்படி அடுக்கினீர்கள்?” உண்மையில் செய்தவருக்கு இவை இலகுவான கேள்விகள். தரையில் ஈரம் ஏறாமல் மரத்தட்டின் மேல் அடுக்கியதையும், எலி தெரியவும் ஆள் நடக்கவும் சுவரோடு ஒட்டாமல் இடம் விட்டதையும், முதலில் வந்த மூடையை முதலில் வெளியே விட்டதையும் யோசிக்காமலே சொல்லிவிடுவார். எனவே வீட்டில் ஒருவரை எதிரே இருத்தி, நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காரியத்துக்கும் இப்படி மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவதுக்குத் திணறினால் அந்தக் காரியத்தை மாற்றி வேறொன்றை எடுங்கள்.

எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம். மனப்பாடம் செய்தவர் இடையில் ஒருவர் குறுக்கிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள இரண்டு காரியங்களையும் அயலவருக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பழகினால் போதும். குழுவில் தமிழ் விளங்காத ஒருவர் இருந்து மொழிபெயர்க்கப்படுமானால், சிறு வசனங்களாகச் சொல்லி இடையில் நிறுத்துங்கள். தொகைகளைத் தெளிவாகச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பில் அதிகம் மாறுபடுவது அவைதான்.

வயலை விட்டு வேறு அறியாதவர்

சங்கம், பட்டியல் ஒன்றும் இல்லாத கமக்காரர் என்ன சொல்வது? வீட்டுத்தோட்டத் திட்டமொன்றில் வெளிக்கள உதவியாளர் வேலைக்குப் போகும் ஒரு தகப்பனாரை நினைத்துப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் செய்தவர். 1995 இல் வன்னிக்குப் போனவர், அங்கே குத்தகைக் காணியில் பயிர் செய்தவர். இருபது வருடம் கமம் செய்தேன் என்று அவர் சொன்னால் குழுவுக்கு அது போதாது. வருகிறவர்களில் பாதிப்பேர் அதைச் சொல்வார்கள். அந்தத் திட்டம் யாருக்காக என்று அவர் பார்க்க வேண்டும். பழகாத மண்ணில் புதிதாகத் தொடங்கும் குடும்பங்களுக்காக. அவரும் அதைத்தான் செய்தவர்.

“செம்மண்ணில் பழகிய எனக்கு வன்னியில் முதல் போகம் வெங்காயம் அழுகிப் போனது. தண்ணீர் கட்டி நிற்கும் மண் அது. அடுத்த போகம் பாத்தியை உயர்த்தி, வாய்க்காலை ஆழமாக்கி, இறைப்பைக் குறைத்தேன். பயிர் தப்பியது. பக்கத்துக் காணியில் இருந்த மூன்று குடும்பங்கள் வந்து பார்த்து, அதுபோலச் செய்தார்கள். உங்கள் திட்டத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதற் போகத்தில் வரும் இடைஞ்சல் எனக்குத் தெரியும்” என்று அவர் சொன்னால், ஒரு நிமிடத்தில் அவருடைய அனுபவம் அந்த வேலையோடு சேர்ந்துவிடுகிறது. அழிந்த பயிரைப் பற்றிச் சொல்ல அவர் வெட்கப்படத் தேவையில்லை. பயிற்சியாளர்கள் பலருக்கு இல்லாத அனுபவம் அது. பக்கத்துக் குடும்பங்கள் அவரைப் பின்பற்றியது இன்னும் முக்கியமானது. வெளிக்கள உதவியாளரின் வேலையே அதுதானே.

எங்கே இது பயன்படாது

அரசாங்க வேலைக்கான எல்லா நேர்முகத்திலும் இந்த ஆயத்தம் ஒரே அளவு பயன்தராது. அரச சேவையில் பொது நேர்முகப் பரீட்சை என்று ஒன்று உண்டு. அதில் புள்ளி வழங்கப்படுவதில்லை. விளம்பரத்தில் கேட்ட தகைமைகள் உங்களிடம் இருக்கின்றனவா என்று மூலப் பிரதிகளைப் பார்த்துச் சரிபார்ப்பார்கள். அங்கே எவ்வளவு நன்றாகப் பேசினாலும் சான்றிதழ் இல்லாவிட்டால் ஒன்றும் நடவாது. புள்ளி வழங்கும் கட்டமைக்கப்பட்ட நேர்முகத்திலும் எந்தத் தகைமைக்கு எத்தனை புள்ளி என்று முன்கூட்டியே அட்டவணை இருக்கும். பேச்சுக்கு இடமிருந்தால் அது ஒரு பகுதிக்கு மட்டுமே. எனவே அழைப்புக் கடிதத்தில் எந்த வகை நேர்முகம் என்று எழுதியிருப்பதைக் கவனமாக வாசியுங்கள்.

சான்றிதழ்களை இடப்பெயர்வில் இழந்தவர்கள் இதனை நேர்முகத்துக்கு முதல் கிழமையில் தொடங்க முடியாது. பொதுப் பரீட்சைப் பெறுபேறுகளுக்குப் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து உறுதிப்படுத்திய பிரதி பெறலாம். பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். நாட்கள் எடுக்கும் காரியங்கள் இவை. விண்ணப்பித்தும் கைக்கு வராவிட்டால் விண்ணப்பித்த பற்றுச்சீட்டையாவது கோவையில் வையுங்கள். கேட்டால் அதைக் காட்டிச் சொல்லலாம். உங்களைப் பற்றிச் சொல்லும் இரண்டு நிமிடத்துக்குள் தொலைந்த சான்றிதழின் கதையைக் கொண்டுவர வேண்டாம்.

கூட்டுறவுச் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள், அரிசி ஆலைகள், தனியார் கம்பனிகள் போன்ற இடங்களில் நிலைமை வேறு. அங்கே குழுவினர் தங்கள் மனதுக்குப் பட்டதை வைத்துத் தெரிவு செய்ய இடமுண்டு. நாம் மேலே சொன்னது பெரிதும் அந்த இடங்களுக்கு உதவும்.

சொன்னது எடுபட்டதா என்று அறையை விட்டு வெளியே வருமுன்னரே அறியலாம். அடுத்துக் கேட்கப்படும் கேள்வியைக் கவனியுங்கள். “அந்த நெல்லைத் திருப்பி அனுப்பினீர்களே, அவர் சங்கத் தலைவரின் உறவாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று நீங்கள் சொன்னதிலிருந்தே கேள்வி பிறந்தால், அவர்கள் உங்களை அந்தக் களஞ்சியத்தில் நிறுத்திப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். “சரி, எதுவரை படித்தீர்கள்?” என்று கடதாசிக்குத் திரும்பிவிட்டால், நீங்கள் சொன்னதில் அவர்களுக்குப் பிடிப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போதும் வழியுண்டு. படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, “இந்த வேலையோடு சேர்ந்த ஒரு விடயம் சொல்லலாமா, ஐயா?” என்று கேட்டு, விடுபட்ட காரியத்தைச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லும் குழுவை நாம் கண்டதில்லை.